உறை உரிந்த நரம்பு

(மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் பற்றிப் பொதுமக்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று பேச எடுத்துக்கொண்ட நோய்க்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று பெயர். எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்வோம். இந்த நோயாளிகள் நரம்பியல் மருத்துவர்களான எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இரண்டு. ‘போன மாதம் கண் தெரியாமல் போனது, இப்போது நன்றாகத் தெரிகிறது. அப்படியென்றால் நோய் போய்விட்டதா, டாக்டர்?’ என்பது ஒன்று. ‘வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் இதே நோய்தான் என்கிறீர்கள். அவருக்குக் கால் விழுந்துவிட்டது, எனக்குக் கண். அது எப்படி?’ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் நரம்பிழையைச் சுற்றியிருக்கிற ஒரு மெல்லிய உறையில் இருக்கிறது. அதை விளக்க இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நோயாளியைத் துணைக்கு அழைக்கிறேன். மருந்தே இல்லாத காலத்தில் இந்த நோய் தன்போக்கில் எப்படி நடந்துகொண்டது என்பதை அவரைப்போல எழுதிவைத்தவர்கள் குறைவு.

அவர் பெயர் அகஸ்டஸ் டெஸ்டே. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன். 1822 டிசம்பரில், அவருக்கு 28 வயதாக இருக்கும்போது, தகப்பனைப்போல நேசித்த உறவினர் ஒருவரைப் பார்க்க ஸ்காட்லாந்துக்குப் போகிறார். போய்ச் சேரும்போது உறவினர் இறந்து கிடக்கிறார். இறுதிச் சடங்கு முடிந்த சில நாளில் டெஸ்டேயின் கண்கள் மங்குகின்றன. வந்த கடிதங்களை வேறொருவர் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது, பதிலையும் வேறொருவர்தான் எழுதுகிறார். பிறகு அயர்லாந்துக்குப் போகிறார். கண்ணுக்கு எந்த வைத்தியமும் செய்யவில்லை. பார்வை முழுதாகத் திரும்பிவிடுகிறது.

1826இல் கண் மறுபடி மங்கித் தெளிகிறது. 1827 நவம்பரில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் இருக்கும்போது எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறது. அங்கிருந்த மருத்துவர் பித்தம்தான் காரணம் என்று முடிவுசெய்து, நெற்றிப்பொட்டில் அட்டை விடுகிறார், பேதிக்குக் கொடுக்கிறார், கையிலும் ரத்தம் எடுக்கிறார். இரட்டைப் பார்வை சரியாகிவிடுகிறது. அடுத்த சில வாரத்தில் முதுகெலும்பின் அடிப்பகுதியில் மரத்துப்போகிறது. டிசம்பர் தொடக்கத்தில் கால்களில் பலமே இல்லை. ஒரே நாளில் இரண்டு முறை தரையில் விழுகிறார், வேலைக்காரர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. மூன்று வாரம் அப்படியே கிடந்த பிறகு மெல்ல மெல்ல நடக்கத் தொடங்குகிறார். இப்படியே 20 ஆண்டுகளுக்கு மேல் குறிப்புகள் நீள்கின்றன. அந்தக் கையெழுத்துக் குறிப்புகளை டக்ளஸ் ஃபர்த் என்ற மருத்துவர் 1948இல் நூலாக வெளியிட்டார். இது எம்.எஸ். என்பதில் நரம்பியல் மருத்துவர்களுக்குப் பெரிய ஐயம் கிடையாது. டெஸ்டேயோ தன் நோய்க்கு ஒரு பெயர் இருப்பதே தெரியாமல் இறந்தார். பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற மருத்துவர் இந்த நோயைத் தனித்து விவரித்தது 1868இல். டெஸ்டே இறந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகு.

முதல் நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கண் மங்கியது, தானாகத் தெளிந்தது. அந்த வாரங்களில் அவருடைய பார்வை நரம்புக்குள் என்ன நடந்திருக்கும்?

பார்வை நரம்பு ஒவ்வொன்றிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் உண்டு. ஒவ்வோர் இழையும் ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிமன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு. இந்த இழையின்மேல் மயலின் என்ற கொழுப்பு மிகுந்த உறை பல அடுக்காகச் சுற்றியிருக்கிறது. உறை தொடர்ச்சியாக இல்லை. சிறிது தூரத்துக்கு ஒருமுறை அறுந்து, ஒரு மைக்ரான் அளவுக்கு இழை வெளியே தெரிகிறது. அந்த இடைவெளிக்கு ரான்வியர் கணு என்று பெயர். மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையைப் போடுவது ஆலிகோடென்ட்ரோசைட் என்ற செல். ஒரே செல் பல கைகளை நீட்டி, ஐம்பது வரை வெவ்வேறு இடங்களில் உறை சுற்றும். அப்படி ஒரு செல் அழிந்தால் அத்தனை இடத்திலும் உறை போகும். கை கால்களுக்கு ஓடும் வெளி நரம்புகளில் உறை போடுவது வேறு வகைச் செல். எம்.எஸ். அந்த நரம்புகளைத் தாக்குவதில்லை. பார்வை நரம்பு கண்ணுக்குப் பின்னால் கிடந்தாலும் அது உண்மையில் மூளையின் நீட்சி. அதனால்தான் அது இந்த நோயில் அடிக்கடி அகப்படுகிறது.

மயலினை விளக்கும்போது மின்கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைச் சொல்வது வழக்கம். அந்த உவமை பாதி தூரம்தான் வரும். கம்பியின் உறை உரிந்தாலும் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், தொட்டால் ஷாக் அடிக்கும், அவ்வளவே. நரம்பிழையில் செய்தி அப்படி ஓடுவதில்லை. ஒவ்வொரு கணுவிலும் அது புதிதாகப் பிறக்க வேண்டும். ஒரு கணுவில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அதனால் உண்டாகும் மின்னோட்டம் உறைக்கு அடியில் கசியாமல் அடுத்த கணுவரை போய், அங்குள்ள சோடியம் வாயில்களைத் திறக்கிறது. அங்கே மறுபடி சோடியம் பாய்கிறது. இப்படிக் கணுவுக்குக் கணு தாவிப் போவதால், தடித்த இழைகளில் செய்தி நொடிக்கு நூறு மீட்டர் வரைகூடப் போகும். உறையே இல்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர்தான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சோடியம் வாயில்கள் கணுவில்தான் குவிந்திருக்கின்றன. அங்கே ஒரு சதுர மைக்ரானுக்கு ஆயிரத்துக்கும் மேல். உறைக்கு அடியில் இருக்கும் பகுதியில் 25க்கும் குறைவு. அடுத்தது, ஒரு கணு தன் பக்கத்துக் கணுவுக்கு அனுப்பும் மின்னோட்டம் தேவையைவிடப் பல மடங்கு அதிகம். ஆரோக்கியமான இழையில் ஐந்து முதல் ஏழு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கையிருப்பு என்று சொல்லிக்கொள்வோம். இந்தச் சொற்பொழிவில் ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதானால் இந்தக் கையிருப்பைக் கொண்டுபோங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வரும்.

எம்.எஸ்.ஸில், உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களில் ஒரு கூட்டம் சிறிய ரத்தநாளம் ஒன்றின் சுவரைக் கடந்து மூளைத் திசுவுக்குள் நுழைகிறது. அந்த நாளத்தைச் சுற்றி அழற்சி, வீக்கம். உறை சிதைகிறது. சில மில்லிமீட்டரோ ஓரிரு சென்டிமீட்டரோ அகலமுள்ள ஒரு திட்டு உண்டாகிறது. அங்கே உறை உரிந்த இழையில் மின்னோட்டம் அடுத்த கணுவரை போவதற்குள் கசிந்துவிடும். வெளியே தெரியும் பகுதியில் வாயில்களும் போதவில்லை. போதாக்குறைக்கு, அழற்சி செல்கள் வெளியிடும் நைட்ரிக் ஆக்ஸைடு போன்ற பொருள்கள் வாயில்களையே முடக்குகின்றன. கையிருப்பு ஒரு மடங்குக்குக் கீழே இறங்கிய கணத்தில் செய்தி அந்த இடத்திலேயே நின்றுபோகும். லண்டனில் இயன் மெக்டொனால்டும் டாம் சியர்ஸும் 1970 வாக்கில் பூனையின் தண்டுவடத்தில் ஓரிடத்தில் மட்டும் உறையை நீக்கி இதை நேரடியாகக் காட்டினார்கள். திட்டின் இரு பக்கமும் இழை நன்றாக வேலை செய்கிறது. திட்டுக்குள் மட்டும் செய்தி தாமதிக்கிறது, அல்லது நிற்கிறது. அதாவது இழை அறுபடவில்லை. டெஸ்டேயின் கடிதங்களை மற்றவர் படிக்க வேண்டிவந்த அந்த நாட்களில், அவர் கண்ணும் சரியாக இருந்தது, மூளையின் பார்வைப் பகுதியும் சரியாக இருந்தது. நடுவில் சிறிது தூரம்தான் தடை.

இன்று இதே நிலையில் வரும் நோயாளியிடம் நாங்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. சிவப்பு மூடி போட்ட மருந்து பாட்டில் ஒன்றை எடுத்து, முதலில் நல்ல கண்ணுக்கு மட்டும் காட்டுவோம். பிறகு அந்தக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு மற்றக் கண்ணுக்குக் காட்டுவோம். ‘அதே மூடிதானா?’ என்று சிலர் சந்தேகப்பட்டுக் கேட்பார்கள். சிவப்பு வெளிறி, செங்கல் நிறமாகவோ பழைய ரோஜா நிறமாகவோ தெரியும். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுகிற கண்ணில்கூட இந்த வெளிறல் இருக்கலாம். கண்ணை அசைத்தால் வலி என்பார்கள். வீங்கிய நரம்பு இழுபடுவதால் வரும் வலி அது. பார்வை சில நாளில் மங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு ஏறத் தொடங்கும்.

ஏறுவது எப்படி என்பதுதான் இந்த நோயின் நடுநாயகமான விஷயம். அது ஒரே வழியில் நடப்பதில்லை, ஒரே வேகத்திலும் நடப்பதில்லை.

முதலில் வடிவது வீக்கமும் அழற்சியும். நைட்ரிக் ஆக்ஸைடு விலகியதும் முடங்கிக் கிடந்த வாயில்கள் மறுபடி திறக்கின்றன. உறை இன்னும் வரவில்லை, ஆனாலும் சில இழைகளில் கையிருப்பு ஒரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் தெரியும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு இதுதான். தாக்குதலின்போது நாங்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு, அதாவது மெத்தில்ப்ரெட்னிசலோன் நாளுக்கு ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் ரத்தநாள ஊசியாக, இந்தக் கட்டத்தைத்தான் விரைவாக்குகிறது. 1992இல் வெளிவந்த அமெரிக்கப் பார்வை நரம்பழற்சி ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஊசியில் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஊசி போட்ட பிறகுதான் கண் வந்தது என்று நோயாளி நம்புவது இயல்பு. ஊசி இல்லாமலும் வந்திருக்கும், கொஞ்சம் தாமதமாக. ஃப்ளாரன்ஸ் மருத்துவரின் அட்டைகளையும் இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். தானாகத் தணியும் நோயில், தணிவதற்குச் சற்று முன்னால் செய்த எந்த வைத்தியமும் பலித்ததாகவே தெரியும். இந்த நோய்க்கு மருந்து என்று யார் எதைச் சொன்னாலும், அது கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். நோயாளியின் நேர்மையான சாட்சியம்கூட இங்கே போதாது.

அடுத்து நடப்பது இழைக்குள்ளேயே நடக்கும் மாற்றம். கணுவில் மட்டும் குவிந்திருந்த சோடியம் வாயில்கள் உறை உரிந்த பகுதி நெடுகிலும் பரவுகின்றன. இப்போது செய்தி தாவுவதில்லை, அந்த இடத்தில் ஊர்ந்து போகிறது. ஆனால் போய்ச் சேர்கிறது. அது ஊர்ந்துதான் போனது என்பதை அளந்தே காட்டலாம். 1972இல் லண்டனில் ஹாலிடே, மெக்டொனால்டு, முஷின் மூவரும் இதைச் செய்தார்கள். நோயாளியின் முன் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகைபோல் ஒரு திரை. கட்டங்களின் நிறம் நொடிக்கு ஓரிரு முறை மாறிக்கொண்டேயிருக்கும். பின்மண்டையில் ஒட்டிய மின்முனை, மூளையின் பார்வைப் பகுதியில் எழும் அலையைப் பதிவு செய்யும். நல்ல கண்ணில் அந்த அலை ஏறத்தாழ 100 மில்லிசெகண்டில் வரும். பார்வை நரம்பழற்சி வந்துபோன கண்ணில் 130, 140 என்று தாமதமாக வரும். பார்வை முழுதாகத் திரும்பி, எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிக்கிறவருக்கும் அந்தத் தாமதம் பல ஆண்டுகள் கழித்தும் இருக்கும். ‘நோய் போய்விட்டதா?’ என்ற கேள்விக்கு இந்தத் தாமதம்தான் என் பதில். அறிகுறி போய்விட்டது. திட்டு அங்கேயே இருக்கிறது.

மூன்றாவது, உறையே மறுபடி வளர்வது. மூளையில் இளம் ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் எப்போதும் கொஞ்சம் தயாராக இருக்கின்றன. அவை திட்டுக்குள் வந்து மாதக்கணக்கில் புதிய உறை சுற்றுகின்றன. புதிய உறை பழையதைவிட மெலிது, துண்டுகளும் குட்டையானவை. நுண்ணோக்கியில் இப்படிப்பட்ட திட்டு வெளிறிய நிழல்போல் தெரியும். சிலருடைய மூளையில் இது பெருமளவு நடக்கிறது, சிலருக்கு மிகக் குறைவு. வயது ஏற ஏற எல்லோருக்கும் குறைகிறது. இவற்றோடு, கெட்டுப்போன பாதையின் வேலையை மூளையின் மற்றப் பகுதிகள் ஓரளவு எடுத்துக்கொள்ளவும் செய்கின்றன.

இப்படித் தேறிய இழை கையிருப்பு மிகக் குறைந்த இழை. ஒன்றே கால், ஒன்றரை மடங்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கவிழ்க்கச் சிறு தள்ளு போதும். அந்தத் தள்ளு பெரும்பாலும் சூடு.

1890இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், சில எம்.எஸ். நோயாளிகளுக்கு உடற்பயிற்சி செய்ததும் பார்வை மங்கி, ஓய்வெடுத்ததும் தெளிவதைக் குறித்துவைத்தார். களைப்புதான் காரணம் என்று அவர் நினைத்தார். காரணம் உடல் வெப்பம் என்பது பின்னால் தெரிந்தது. வெப்பம் கூடும்போது சோடியம் வாயில்கள் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கின்றன. உள்ளே பாயும் சோடியம் குறைகிறது. ஆரோக்கியமான இழைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஐந்து மடங்கு நான்காகும், அவ்வளவுதான். ஒன்றே கால் மடங்கில் இருக்கும் இழையில் அரை டிகிரி செல்சியஸ் ஏற்றமே செய்தியை நிறுத்திவிடும். நம் எல்லோருக்கும் உடல் வெப்பம் விடியற்காலையில் தாழ்ந்து மாலையில் உச்சத்துக்கு வருகிறது. அந்த ஏற்றமே கிட்டத்தட்ட அரை டிகிரி. காலையில் நடந்த கால் சாயங்காலம் இழுக்கிறது என்று நோயாளி சொன்னால் அதில் மிகையோ மனப்பிரமையோ எதுவும் இல்லை. ஒரு காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, புது அறிகுறி தெரிகிறதா என்று பார்த்து நோயைக் கண்டுபிடித்தார்கள். சிலருக்கு அறிகுறி உடனே விலகாமல் நின்றுவிட்டதால் அந்தச் சோதனையைக் கைவிட்டார்கள்.

சென்னையிலோ வேலூரிலோ மே மாத மதியம் பஸ் ஸ்டாப்புவரை நடந்துபோகும் நோயாளிக்கு இது வெந்நீர்த் தொட்டிச் சோதனையேதான். பார்வை மங்கும், கால் பின்னும். நிழலில், மின்விசிறியடியில் உட்கார்ந்து குளிர்ந்த தண்ணீர் குடித்தால் அரைமணி, ஒருமணி நேரத்தில் சரியாகிவிடும். இது புதிய தாக்குதல் அல்ல. எந்தப் புதிய திட்டும் உண்டாகவில்லை. பழைய திட்டு ஒன்று சிறிது நேரம் வாயடைத்துப்போகிறது. காய்ச்சலும் இதையேதான் செய்யும், நீண்ட நேரத்துக்கு. சிறுநீர்த் தொற்று இந்த நோயாளிகளுக்கு அடிக்கடி வருகிறது, எரிச்சலே இல்லாமலும் வரும். இரண்டு நாளாகக் கால் எழவில்லை, அட்டாக் வந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். நாங்கள் முதலில் உடல் வெப்பத்தைப் பார்ப்போம், சிறுநீரைச் சோதனைக்கு அனுப்புவோம். தொற்று இருந்து, அதற்கு மருந்து கொடுத்ததும் கால் எழுந்துவிட்டால் ஸ்டீராய்டுக்கு வேலையே இல்லை. தொற்றைக் கவனிக்காமல் ஸ்டீராய்டு ஏற்றினால் தொற்று வளரும். உண்மையான தாக்குதல் என்று நாங்கள் சொல்வதற்கு அளவுகோல் இது: காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில், புதிய அறிகுறியோ பழையதன் தெளிவான மோசமோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், முந்தைய தாக்குதல் தொடங்கி ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

சூடு மட்டுமல்ல, தொடர்ந்து வேலை வாங்கினாலும் இந்த இழைகள் தளரும். மெக்டொனால்டும் சியர்ஸும் கண்ட இன்னொன்று அது. உறை உரிந்த இழை ஒற்றைச் செய்தியைக் கடத்திவிடும், அடுத்தடுத்து வேகமாக வரும் வரிசையைக் கடத்தாது. பரிசோதனை அறையில் பத்து அடி நடக்கச் சொன்னால் நோயாளி நன்றாக நடப்பார். வெளியே அரை கிலோமீட்டர் நடந்த பிறகு பார்த்தால் ஒரு பாதம் தரையை உரசும். அறையில் நடந்ததை மட்டும் பார்த்துவிட்டு ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று மருத்துவரோ வீட்டாரோ சொல்வது அந்த நோயாளிக்குச் செய்யும் அநியாயம். வேலைக்குப் போகும் பெண்கள் இந்த வார்த்தையை எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது. நோயாளிகளில் பெண்களே இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

இனி இரண்டாவது கேள்வி, ஒருவருக்குக் கண், இன்னொருவருக்குக் கால் ஏன் என்பது. டெஸ்டே ஒருவரிடமே இதற்கு விடை இருக்கிறது. 1822இல் பார்வை நரம்பு. 1827 நவம்பரில் மூளைத்தண்டு, ஏனென்றால் இரண்டு கண்களையும் ஒன்றாகத் திருப்பும் இழைக்கற்றை அங்கே இருக்கிறது. அந்தக் கற்றை மிகக் குறுகியது. அதன்மேல் சிறு திட்டு விழுந்தாலும் ஒரு கண் திரும்ப, மற்றது பின்தங்கும், பார்ப்பதெல்லாம் இரண்டாகும். அடுத்த மாதம் தண்டுவடம். கால்களுக்குப் போகும் எல்லா இழைகளும் அங்கே விரல் தடிமனுக்குள் அடங்கியிருக்கின்றன. சிறு திட்டுக்குப் பெரிய விளைவு. கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் பின்பாதியில் திட்டு இருந்தால், தலையைக் குனிந்ததும் முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். உறை உரிந்த இழை வளையும்போது தானாகச் செய்தியை உண்டாக்குவதால் வரும் உணர்வு அது. சிறுமூளையின் பாதைகளில் விழுந்தால் தம்ளரை எடுக்கப் போகும் கை நடுங்கும். ஆனால் மூளையின் நடுவிலுள்ள நீர்ப்பைகளின் ஓரத்தில், எம்.எஸ். திட்டுகள் மிக அதிகமாக உண்டாகும் அந்த இடத்தில், பத்துத் திட்டு விழுந்தாலும் நோயாளிக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். அங்கே ஓடும் இழைகள் ஒரே வேலைக்கானவை அல்ல, மாற்று வழிகளும் நிறைய.

திட்டுகள் சிறிய ரத்தநாளங்களைச் சுற்றித்தான் உண்டாகின்றன. நாளங்களோ மூளையெங்கும் உண்டு. எந்த நாளத்தின் சுவர் எந்த வாரத்தில் வழிவிடும் என்பதில் தற்செயலுக்குப் பெரிய இடம் இருக்கிறது. ஆகவே எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைப் புள்ளிகளை எண்ணிப் பார்த்து ஒருவர் எவ்வளவு நன்றாக இருப்பார் என்று சொல்லிவிட முடியாது. முப்பது புள்ளியோடு அலுவலகம் போய்வருகிறவர் இருக்கிறார். கழுத்துத் தண்டுவடத்தில் ஒன்றிரண்டோடு சக்கர நாற்காலியில் இருப்பவரும் இருக்கிறார். இதோடு, முன்பு சொன்ன உறை வளர்க்கும் திறனும் வயதும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும், நம் நாட்டு நோயாளிகளுக்கு இது முக்கியம். பார்வை நரம்பும் தண்டுவடமும் மட்டும் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டு, தண்டுவடத் திட்டு மூன்று முள்ளெலும்பு நீளமோ அதற்கு மேலோ நீண்டிருந்தால், அது எம்.எஸ். ஆகவே இல்லாமல் இருக்கலாம். நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறு நோய் அது. அதில் முதலில் தாக்கப்படுவது மயலின் அல்ல, ஆஸ்ட்ரோசைட் என்ற பக்கத்துச் செல். 2004, 2005 ஆண்டுகளில் அதற்கான எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்த பிறகு ரத்தப் பரிசோதனையில் பிரித்தறிய முடிகிறது. ஏன் பிரித்தறிய வேண்டும் என்றால், எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா போன்ற சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும்.

தாக்குதல் இல்லாத காலத்துக்கு வருகிறேன். எம்.எஸ். நோயாளிகளில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு நோய் இப்படி வந்து தணிகிற வகையாகத் தொடங்குகிறது. அவர்களுக்கு மாதந்தோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், நோயாளி உணர்ந்த ஒரு தாக்குதலுக்கு ஐந்து முதல் பத்துப் புதிய திட்டுகள் வரை உண்டாகியிருந்தன. மற்றவை ஓசைப்படாத இடங்களில் விழுந்தவை. முதல் மங்கலுக்கும் 1826க்கும் நடுவே டெஸ்டே தெளிவான கண்களோடு திரிந்த மூன்று ஆண்டுகளிலும் அவர் மூளைக்குள் நோய் சும்மா இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவருடைய பிற்காலக் குறிப்புகளில் தணிவுகள் அரிதாகின்றன. 1843இல் கடுமையான தலைச்சுற்றல். 1844 வாக்கில் சக்கர நாற்காலி. கை நடுக்கமும் சேர்ந்துகொள்கிறது. 1848 டிசம்பரில் இறக்கிறார். உறை போனால் திரும்பி வரலாம், வாயில்கள் பரவலாம். இழையே அறுந்துவிட்டால் மூளையில் அது மறுபடி வளராது. 1998இல் ப்ரூஸ் ட்ராப்பின் குழு க்ளீவ்லாண்டில், இறந்த நோயாளிகளின் மூளைத் திட்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தது. அழற்சி மும்முரமாக இருந்த திட்டுகளில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுந்த இழைகள் இருந்தன. நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவர்களிடமும் அவை இருந்தன. இது போக, உறையில்லாமல் பிழைத்த இழைக்குத் தினசரிச் செலவும் கூடுதல். பரவிய வாயில்கள் வழியாக உள்ளே வரும் சோடியத்தை வெளியேற்ற அது நிறைய ஆற்றலைச் செலவிட வேண்டும். ஆற்றல் தீர்ந்தால் இழை மெல்லச் சிதையும். இளம் வயதில் மூளை இந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்கிறது. ஈடுகட்ட இனி இழைகள் இல்லை என்ற நிலை வரும்போது, புதிய தாக்குதல் எதுவும் இல்லாமலே நடை மெல்லக் குறைகிறது.

‘எனக்கு இப்போது ஒரு தொந்தரவும் இல்லை, பிறகு ஏன் மருந்து?’ என்று கேட்கும் நோயாளிக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். இன்றுள்ள எம்.எஸ். மருந்துகள் பெரும்பாலும் வெள்ளையணுக்களை மூளைக்குள் நுழையவிடாமல் தடுப்பவை, அல்லது அவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பவை. புதிய திட்டு உண்டாவதைத்தான் அவை தடுக்கும். போன பார்வையையோ நடையையோ அவை மீட்டுத் தருவதில்லை. அதனால் இழக்க நிறைய இருக்கும்போது, நோயாளி நன்றாக இருக்கும்போது கொடுத்தால்தான் பலன் அதிகம்.

உறையை மறுபடி வளர்க்கும் மருந்துக்கான முயற்சி வேறொரு பாதையில் நடக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஆரி க்ரீனின் குழு, அலர்ஜிக்குக் கொடுக்கும் க்ளெமாஸ்டீன் என்ற பழைய மருந்தை, பார்வை நரம்பில் நாள்பட்ட பாதிப்புள்ள 50 நோயாளிகளுக்குக் கொடுத்து 2017இல் முடிவை வெளியிட்டது. அளந்தது அதே சதுரங்கத் திரைச் சோதனையால். தாமதம் ஒரு கண்ணுக்கு 1.7 மில்லிசெகண்டு குறைந்தது. முப்பது, நாற்பது மில்லிசெகண்டுத் தாமதத்தில் அது மிகச் சிறிய பங்கு. ஆனாலும் பல ஆண்டுகள் பழைய திட்டில்கூட உறையை வளரவைக்க முடியும் என்பதற்கு மனிதரிடம் கிடைத்த முதல் சான்றுகளில் அது ஒன்று. கேட்டுவிட்டு யாரும் மருந்துக்கடைக்குப் போய் அதை வாங்கிச் சாப்பிட வேண்டாம். நோய் முற்றி மெல்ல மோசமாகிக்கொண்டிருந்தவர்களிடம் அதே மருந்தைப் பார்த்த இன்னொரு சிறிய ஆய்வில், சிலருக்கு உடல்நிலை வேகமாகச் சரிந்ததால் அந்த மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது.